'குடுங்க'வும் 'குடிங்க'வும்



இணையத்தில் ஒரு ஜெர்மன் பெண்ணுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித் தருகிறேன் என்று போன வாரம் இரண்டே வரி எழுதியிருந்தேன். நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். கூடவே ஒரு கண்டனமும் வந்தது. என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்து, எனக்கு முன்பே ஓய்வு பெற்ற ஆசிரியர் அவர். "டீச்சர், பிள்ளைங்க நோட்டுல 'இருக்கு'ன்னு எழுதினா சிவப்பு மையால அடிச்சு 'இருக்கிறது'ன்னு திருத்துவீங்களே. இப்ப அந்தக் கொச்சையையே பாடமா நடத்துறீங்களா?" என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இந்த நீண்ட பதிவு.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பெண் என் முதல் மாணவி இல்லை. அவருக்கு முன் ஒரு ஜப்பானியர் இருந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன்தான், "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் தமிழ் படிக்கணும்னு ஆசைப்படுறார் டீச்சர்" என்று அவரை அறிமுகப்படுத்தினான். நான் என்ன செய்தேன்? ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததைச் செய்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்று ஆரம்பித்தேன். கேமரா முன்னால் பலகை வைத்து எழுதிக் காட்டினேன். அவரும் அழகாக எழுதினார். ஆறாவது வாரம் 'வேலை அதிகம்' என்று மிகப் பணிவாக ஒரு செய்தி அனுப்பி நின்றுவிட்டார். அந்த ஆறு வாரத்தில் லிப்ட்டில் கூட வருகிறவரிடம் சொல்ல ஒரு வாக்கியம்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை. ஜப்பான் மொழியிலும் நம்மைப் போலவே வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பேச்சில் தொடங்கியிருந்தால் அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

எங்கே தவறினேன் என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. ஐந்து வயதில் என் வகுப்புக்கு வந்த நீங்கள் எல்லோரும் தமிழ் பேசிக்கொண்டேதான் வந்தீர்கள். உங்களுக்குத் தெரியாதது எழுத்து மட்டும்தான். அதனால் எழுத்தில் தொடங்குவது சரி. முப்பது வயது வெளிநாட்டவருக்குப் பேச்சே கிடையாது. அவருக்கு 'ஙே'யும் 'ஞூ'வும் எதற்கு?

நம்ம ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. விடியற்காலையில் ஜீப் ஏறி கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் மலையாளத்தில் ஓர் எழுத்துகூட அறியாதவர். ஆனால் 'மதி', 'வேண்டா', 'நாளெ வராம்' என்று வேலைக்கு வேண்டியதை முழுசு முழுசாகப் பிடித்துக்கொண்டார். பிறகு அதையே மாற்றி மாற்றிப் போட்டுப் பேசப் பழகிவிட்டார். அவருக்கு யாரும் இலக்கணம் நடத்தவில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய வாக்கியம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர்தான் இந்த ஜெர்மன் பெண். இயந்திரப் பொறியாளர். என் இன்னொரு மாணவனோடு வேலை பார்க்கிறவர். மூன்று மாதம் கழித்து ஆறு மாத வேலையாகச் சென்னைக்கு வருவதாக இருந்தது. ஏதோ புத்தகத்தில் பார்த்து, "நான் தேநீர் அருந்த விரும்புகிறேன்" என்று மனப்பாடம் செய்திருந்தார். இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் டீக்கடையில் இப்படிப் பேசினால் செய்தி வாசிப்பவர் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். அல்லது பாவம் என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத்தில் பதில் வந்த நிமிடமே அவருடைய தமிழ் முடிந்துவிடும்.

இந்தத் தடவை எழுத்து இல்லை, இலக்கண அட்டவணையும் இல்லை. எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்றுதான் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன்.

'போ' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான் போறேன், நாம போறோம், நீ போற, நீங்க போறீங்க, அவன் போறான், அவ போறா, அவரு போறாரு, அவங்க போறாங்க, அது போகுது. நிகழ்காலத்துக்கு மட்டும் ஒன்பது. இறந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தனித்தனியாக வேறு. புதிதாக வருகிறவரை முதல் நாளே இதில் இறக்கினால் மூழ்கிவிடுவார்.

ஆனால் தமிழில் ஆளுக்கு ஆள் மாறாத சொற்களும் இருக்கின்றன. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும். 'தெரியும்' மாறவே இல்லை பாருங்கள். வேணும், வேணாம், தெரியாது, புரியுது, புரியல, பிடிக்கும், பிடிக்காது எல்லாமே இப்படித்தான். 'எனக்கு' என்ற ஒரு சொல்லும் இந்த எட்டும் கையில் இருந்தால், முதல் நாளே பிழையில்லாமல் பேசலாம். ஜெர்மன் மொழியிலும் பிடிப்பது, குளிர்வது போன்றவற்றை 'எனக்கு' என்ற பொருளில்தான் சொல்வார்களாம். அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

அதே போல 'போலாமா?', 'போலாம்' மாறாது. 'நான் போகணும்', 'நீங்க போகணும்' என்பதும் மாறாது. ஆகவே முதல் ஆறு வாரம் மாறாத சொற்கள் மட்டும்தான் என்று முடிவு செய்தேன். வாரம் இரண்டு வகுப்பு, ஒரு வகுப்பு 40 நிமிடம், மொத்தம் 12 வாரம். நீங்களும் யாருக்காவது சொல்லித் தர நினைத்தால் உதவும் என்பதால் திட்டத்தை அப்படியே தருகிறேன்.

வாரம் 1, 2: எனக்கு, உங்களுக்கு. வேணும், தெரியும், புரியுது, பிடிக்கும், அவற்றின் மறுப்புகள்.
வாரம் 3, 4: வாங்க, உக்காருங்க, சொல்லுங்க, குடுங்க. கூடவே 'கொஞ்சம்'.
வாரம் 5, 6: ஆரம்பிக்கலாமா? இங்க உக்காரலாமா? நான் கிளம்பணும்.
வாரம் 7, 8: எங்க, எப்போ, எவ்ளோ. எண்களும் பணமும்.
வாரம் 9, 10: 'நான்', 'நீங்க' இரண்டுக்கு மட்டும் வினை. போறேன், போறீங்க, போனேன், போனீங்க.
வாரம் 11, 12: போன் பேச்சு. கடைப்பலகை, பஸ் பலகை படிக்கும் அளவுக்கு எழுத்து.

ஒரு வகுப்பை இப்படிப் பிரிக்கிறேன். முதல் 5 நிமிடம் போன வகுப்பில் கொடுத்த வேலையைக் கேட்பது. அடுத்த 10 நிமிடம் புது வாக்கியங்கள், ஆறுக்கு மேல் கிடையாது. அடுத்த 10 நிமிடம் அவற்றில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் போடுவது. தண்ணி வேணும், சாவி வேணும், ரெண்டு நாள் வேணும் என்று. அடுத்த 10 நிமிடம் நாடகம்: நான் கடைக்காரர், அவர் வாடிக்கையாளர். கடைசி 5 நிமிடம் வெளியில் போய்ச் செய்ய ஒரு வேலை. ஒரு தமிழரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லி, அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் குரல் பதிவு அனுப்ப வேண்டும்.

புது வாக்கியத்தை வாலிலிருந்து சொல்லித் தருகிறேன். "எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்பதை முதலில் 'வேணும்', பிறகு 'தண்ணி வேணும்', பிறகு 'கொஞ்சம் தண்ணி வேணும்', கடைசியில் முழுசாக. தலையிலிருந்து ஆரம்பித்தால் வாக்கியத்தின் முடிவு வருவதற்குள் அவர் குரல் தேய்ந்துவிடும். தமிழிலோ முடிவில்தான் எல்லாம் இருக்கிறது. வினை அங்கே, 'ஆ' என்ற கேள்வி அங்கே, 'ங்க' என்ற மரியாதையும் அங்கே.

நான் செய்த இன்னொரு தவறு, எல்லா ஆசிரியருக்கும் வரக்கூடியது. மாணவருக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொல்லுவோம். மெதுவாகச் சொல்லும்போது நம் வாய் நமக்குத் தெரியாமலே எழுத்துத் தமிழுக்குப் போய்விடும். 'என்ன பண்றீங்க' என்பது 'என்ன பண்ணுகிறீர்கள்' ஆகிவிடும். அவர் அதைப் படித்துக்கொண்டு போனால் தெருவில் யாருமே அப்படிப் பேச மாட்டார்கள். என் குரல் பதிவை நானே கேட்டபோதுதான் இது தெரிந்தது. இப்போது வழக்கமான வேகத்தில் ஒரு தடவை, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு ஒரு தடவை, திரும்ப வழக்கமான வேகத்தில் ஒரு தடவை என்று பதிவு செய்கிறேன். இடைவெளி விடலாம். சொல்லை இழுக்கக் கூடாது.

ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பதையும் முதல் மாதம் நிறுத்தினேன். 'தமிழ்' என்பதன் ழகரத்துக்கு நாம் இசட், எச் போடுகிறோம். ஜெர்மன்காரர்களுக்கு இசட் என்றால் 'ட்ஸ்'. அவர் 'தமிட்ஸ்' என்று வாசித்தார்! காதால் கேட்டிருந்தால் அந்தப் பிழையே வந்திருக்காது.

ழகரத்துக்காக அவரை வதைக்கவும் இல்லை. நம்ம பக்கத்திலேயே பாதிப் பேர் 'வாளப்பளம்' என்கிறோம், யாருக்கும் புரியாமல் போகவில்லை. ஆனால் ஒற்றைக்கும் இரட்டைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. படம் வேறு, பட்டம் வேறு. எடு வேறு, எட்டு வேறு. அவர் மொழியில் எழுத்தை இரட்டித்து எழுதினாலும் அழுத்தி உச்சரிப்பதில்லை என்பதால் இங்கேதான் அதிகம் தடுமாறினார். கையைத் தட்டி, 'ட்' மேல் ஒரு நொடி நிற்கச் சொல்லிப் பழக்கினேன்.

எட்டாவது வாரம் முடிந்து அவர் சென்னை வந்தார். முதல் நாளே அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போய், "அண்ணா, ஒரு டீ குடிங்க" என்றிருக்கிறார். டீ மாஸ்டர் சிரித்துவிட்டு, "நீங்க வாங்கித் தர்றீங்களாக்கா?" என்று கேட்டாராம். 'குடுங்க' என்பது 'குடிங்க' ஆகிவிட்டது. அது சின்ன விஷயம், சிரிப்போடு போனது. பெரிய விஷயம் அடுத்து நடந்தது. திருத்திக்கொண்டு சரியாகக் கேட்டதும் மாஸ்டர், "சக்கரை கம்மியாவா?" என்றாராம். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. 'சக்கரை' என்ற சொல் தெரியும். ஆனால் தான் கேட்டதற்கு எதிர்க்கேள்வி வரும் என்று அவர் நினைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்ததைக் குடித்தேன் என்று அன்று இரவு சொன்னார்.

இதில் தப்பு என்னுடையது. பேசச் சொல்லித் தந்தேனே தவிர, என்ன பதில் வரும் என்று சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் 'எதிராளி பக்கம்' என்று ஒன்று சேர்த்தேன். டீக்கடைப் பாடம் இப்போது இப்படி இருக்கிறது.

நீங்கள் சொல்வது: அண்ணா, ஒரு டீ குடுங்க. சக்கரை கம்மியா. எவ்ளோ ஆச்சு?
உங்கள் காதில் விழக்கூடியது: ஸ்ட்ராங்கா, லைட்டா? சக்கரை போடவா? பார்சலா? சில்லறை இருக்கா?
தப்பிக்க உதவுவது: புரியல, இன்னொரு வாட்டி சொல்லுங்க.

கடைசி வரிதான் முக்கியம். அது இருந்தால் ஆங்கிலத்துக்குத் தாவாமல் பேச்சு தமிழிலேயே ஓடும். "புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதையும் விட்டுவிட்டேன். அதற்கு எல்லோருமே ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, நாடகத்தில் நான் எதிர்பாராத கேள்வி ஒன்றைப் போடுவேன். தப்பிக்கும் வரி தானாக வாயில் வந்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

'ப்ளீஸ்', 'தேங்க்ஸ்' இரண்டுக்கும் தமிழ் என்ன என்றுதான் எல்லா வெளிநாட்டவரும் முதலில் கேட்கிறார்கள். 'தயவுசெய்து' என்று சொல்லிக் கொடுத்தால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். நம் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம்? நம்முடைய பணிவு 'ங்க'விலும் 'கொஞ்சம்' என்ற சொல்லிலும் இருக்கிறது. "கொஞ்சம் நகருங்க" என்றாலே போதும். கிளம்பும்போது 'போறேன்' கூடாது, 'போயிட்டு வரேன்' என்பதையும் காரணத்தோடு சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் அவர் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி அவரைச் சொந்தக்காரப் பெண் மாதிரி நடத்த ஆரம்பித்தாராம்.

இங்கே என் பழைய மாணவர்களுக்கு ஒரு கண்டிப்பு. வெளிநாட்டு நண்பர்களுக்கு விளையாட்டாக 'வாடா', 'என்னடா' கற்றுக் கொடுக்காதீர்கள். அந்தப் பெண் அதைக் கேட்டுப் பழகி, அப்பா வயதுள்ள வாட்ச்மேனிடம் "என்னடா, சாப்பிட்டாச்சா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டார். அந்த மனிதர் முகம் வாடிப் போனதைப் பார்த்தும் இவருக்குக் காரணம் தெரியவில்லை. உங்களுக்குச் சிரிப்பு, அந்த இரண்டு பேருக்கும் வலி. முதல் ஆறு மாதம் அவர்கள் காதில் 'ங்க' மட்டும் விழட்டும்.

எந்த ஊர்ப் பேச்சு என்றும் சிலர் கேட்டீர்கள். நான் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்று பேசுகிறவள். அதைச் சென்னைக்குப் போகிறவருக்குக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தமிழ் நடத்திய ஹெரால்ட் ஷிஃப்மன், பேச்சுத் தமிழுக்கென்றே ஓர் இலக்கண நூல் எழுதினார். கேம்பிரிட்ஜ் 1999இல் வெளியிட்டது. ஊருக்கு ஊர் பேச்சு மாறினாலும், வெவ்வேறு ஊர்க்காரர்கள் சந்தித்தால் பேசிக்கொள்ளும் ஒரு பொதுப் பேச்சு உருவாகியிருக்கிறது, சினிமாவிலும் அதுதான் கேட்கிறது என்பது அவர் கருத்து. நானும் அந்தப் பொதுப் பேச்சைத்தான் பேசக் கற்றுத் தருகிறேன். 'அங்கிட்டு' என்பது காதில் விழுந்தால் புரியட்டும் என்று அதைத் தனியாகக் கேட்க மட்டும் வைக்கிறேன்.

இனி ஆசிரியர் நண்பரின் 'கொச்சை' என்ற சொல்லுக்கு வருகிறேன். வீரமாமுனிவரை நாம் இருவருமே வகுப்பில் நடத்தியிருக்கிறோம், ஐயா. தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தந்தவர். அவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் மக்கள் பேசும் தமிழுக்குத் தனியாக இன்னோர் இலக்கணமும் எழுதினார். புதிதாக வரும் வெளிநாட்டுப் பாதிரியார்கள் மக்களோடு பேச வேண்டுமே என்று அந்த இரண்டாவதை லத்தீனில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழில் காப்பியம் பாடிய மனிதரே, வெளிநாட்டவருக்குப் பேச்சுத் தமிழை அதற்குரிய இலக்கணத்தோடு தனியாகத் தர வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆறு வாரம் 247 எழுத்து நடத்தித் தோற்ற எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 12 வாரம் முடித்த பிறகும் அவரால் தினசரி படிக்க முடியாது, மேடைப் பேச்சு புரியாது. ஆனால் எழுத்துக்கு வந்தபோது ஒரு வேறுபாட்டைப் பார்த்தேன். பலகையில் 'டீ', 'பழம்', 'தண்ணீர்' என்று பார்த்ததும், ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல் என்பதால் எழுத்து சட்டென்று ஒட்டிக்கொண்டது. நீங்கள் ஒன்றாம் வகுப்பில் 'அம்மா' படித்தது போலவேதான். 'இருக்கு' என்பதை எழுதும்போது 'இருக்கிறது' என்று எழுதுவோம் என்று இப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். சிவப்பு மை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, ஐயா. எழுத வரும்போது கண்டிப்பாக எடுப்பேன். பேச வருகிறவர் முன்னால் அதை எடுக்க மாட்டேன்.

உங்கள் அலுவலகத்தில் யாராவது தமிழ் பேச முயன்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். நிதானமாக, ஆனால் நாம் பேசுகிற மாதிரியே பதில் சொல்லுங்கள்.

அந்த ஜப்பானியர் இன்னும் சென்னையில்தான் இருக்கிறாராம். நேற்று என் மாணவன் மூலமாக அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். இந்தத் தடவை 'அ'வில் ஆரம்பிக்கவில்லை. "வணக்கம். நல்லா இருக்கீங்களா? மறுபடி ஆரம்பிக்கலாமா?" அவ்வளவுதான் பேசியிருக்கிறேன். 'ஆரம்பிக்கலாம்' என்று ஒரே ஒரு சொல் வந்தால் எனக்குப் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கம்பம்.